"பேக்கப் இருக்கு" என்று சொல்லாதே, தேதியைப் பார்த்துச் சொல்



நீண்ட பதிவு. காபி குடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை ஐயா" என்று போடுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தீர்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் சொன்னார்: "பேக்கப்பாம், பேக்கப். கணக்கு காட்ட முடியாதவனுக்கு இப்போ நல்ல சாக்கு கிடைச்சிருக்கு." அவர் சொன்னது என் தம்பியைப் பற்றி. அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன். நம் பங்காளிகள் 23 வீட்டுக்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நம் பூர்வீக வீட்டின் ஓடு மாற்ற வீட்டுக்கு 20,000 ரூபாய் வீதம் 23 வீட்டில் வசூலித்தோம். மொத்தம் 4,60,000. பொறுப்பு தம்பியிடம். கார்த்திகை மழை விட்டதும் 2024 டிசம்பர் நடுவில் வேலை தொடங்கியது, பொங்கலுக்கு முன்னால் முடிந்தது. ஓட்டுக் கடை பில், ரீப்பர் சட்டம், வண்டி வாடகை, எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. கொத்தனாருக்கு மட்டும் மூன்று தவணையாக ரொக்கமாய் 38,500 கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கி, அதை வாட்ஸ்அப் கேமராவிலேயே படம் பிடித்து, தன் எண்ணுக்கே அனுப்பி வைத்துக்கொண்டான். சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டான். "போன்ல இருக்குல்ல அண்ணே, காகிதம் எதுக்கு" என்றான்.

மாட்டுப் பொங்கலன்று அவன் மகன் புதுப் போன் வாங்கி வந்தான். நல்ல பிள்ளை. அப்பா மேல் பாசம். பத்தே நிமிடத்தில் சிம்மை மாற்றி, வாட்ஸ்அப்பை ஏற்றி, "பேக்கப் இருக்குப்பா, எல்லாம் வந்திடும்" என்று ஒரு பொத்தானைத் தட்டினான். குடும்பக் குழு வந்தது. ஊர்க் குழு வந்தது. "பாத்தீங்களா பெரியப்பா, எல்லாம் வந்துடுச்சு" என்று எனக்கும் காட்டினான். இரண்டு நாள் கழித்துப் பழைய போனை முழுவதும் அழித்து, ஒரு கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரியில் கணக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. நவம்பர் 26-க்குப் பிறகு ஒன்றுமே இல்லை. நவம்பர் 26 முதல் ஜனவரி 15 வரை சரியாக 50 நாள். நம் வேலை நடந்தது முழுக்க அந்த 50 நாளுக்குள்.

இனி நான் திட்டப்போவது தம்பியை அல்ல. "பேக்கப் இருக்கு" என்ற அந்த ஒரு வாக்கியத்தை. பெற்றோரின் போனைக் கையில் வாங்கிய பத்தாவது நிமிடம் அதைச் சொல்லும் உங்கள் எல்லோரையும்.

உங்களில் பலர் என்ன நினைக்கிறீர்கள் என்றால், வாட்ஸ்அப்பில் வந்த செய்தியெல்லாம் எங்கோ வானத்தில் பத்திரமாக இருக்கிறது, போன் என்பது அதைப் பார்க்கும் ஜன்னல் என்று. அப்படி இல்லை. செய்தி இருக்கும் இடம் உன் போன். வாட்ஸ்அப் நிறுவனத்தின் கணினி அதைக் கொண்டுவந்து சேர்க்கும் தபால்காரர் மட்டுமே. கடிதத்தைக் கொடுத்ததும் அவர் கையில் ஒன்றும் இல்லை. பேக்கப் என்பது, ஒரு குறிப்பிட்ட இரவில் உன் போனில் என்ன இருந்ததோ அதை எடுத்த நகல். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் அது உன் கூகுள் கணக்கில் போய் உட்காரும். அடுத்த நகல் எடுத்தால் முந்தையதன் மேல் எழுதிவிடும். அடுத்த நகல் எடுக்க முடியாவிட்டால் பழையதே கிடக்கும். ஆகவே "பேக்கப் இருக்கிறதா" என்பது கேள்வியே அல்ல. "எந்தத் தேதி வரைக்கும் இருக்கிறது, அதில் என்னென்ன இருக்கிறது" என்பதுதான் கேள்வி.

தம்பி போனில் ஏன் நவம்பர் 26-ல் நின்றது? பல வருடம் வாட்ஸ்அப் நகலுக்குக் கூகுள் இடக் கணக்கு பார்க்கவில்லை. அப்புறம் மாற்றினார்கள். 2024-ல் இருந்து ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் நகலும் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள் அடக்கம். அதே 15 ஜிபிக்குள்தான் மின்னஞ்சலும், கூகுள் போட்டோஸில் ஏறும் படங்களும். தம்பியின் கணக்கு பேரன் பேத்தி வீடியோக்களால் நிறைந்து போயிருந்தது. இடம் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வந்திருக்கும். அவன் அதை விரலால் தள்ளிவிட்டிருப்பான். நாமும் தினம் இருபது அறிவிப்பைத் தள்ளுகிறோமே. நகல் எடுப்பது நின்றுபோனது. பழைய நகல் மட்டும் அப்படியே கிடந்தது.

புதுப் போனில் மீட்டெடுக்கும்போது அந்த நகல் எப்போது எடுத்தது, எத்தனை அளவு என்று திரையிலேயே காட்டும். `Restore` என்ற பொத்தான் அதே திரையில்தான் இருக்கிறது. என் தம்பி மகன் பொத்தானைப் பார்த்தான். தேதியைப் பார்க்கவில்லை. கணக்குப் பரீட்சையில் விடையை மட்டும் எழுதிவிட்டு அலகை எழுதாமல் வருவீர்களே, அதே வியாதி.

"குழுவெல்லாம் வந்துச்சே" என்கிறான். அதுதான் ஆளை ஏமாற்றுவது. நீ எந்தெந்தக் குழுவில் உறுப்பினர் என்பது நிறுவனத்தின் பதிவில் இருக்கிறது. ஒரு செய்திகூட மீளாவிட்டாலும் குழுவின் பெயரும் படமும் வந்து நிற்கும். கதவில் பெயர்ப் பலகை இருப்பதால் வீட்டுக்குள் சாமான் இருக்கிறது என்று ஆகுமா? உள்ளே போய் மேலே தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். அதோடு, நவம்பர் வரை உள்ளது எல்லாம் உண்மையிலேயே வந்திருந்தது. இடையில் 50 நாள் குழி இருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

சரி, தொலைந்ததில் என்ன மீண்டது? அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. நீ ஒருவருக்கு அனுப்பியதும், அவர் உனக்கு அனுப்பியதும், அவர் போனிலும் இருக்கும். ஆகவே குழுவில் போட்ட ரசீதெல்லாம் மற்றவர்கள் போனிலிருந்து திரும்பக் கிடைத்தது. ஓட்டுக் கடைக்காரர் நகல் பில் தந்தார். வங்கியில் போனதற்கு வங்கிக் கணக்கு சாட்சி. இப்படி 4,21,500-க்கு ரசீது சேர்த்தோம். மிச்சம் அந்தக் கொத்தனார் கூலி 38,500. அது தம்பி தனக்குத் தானே அனுப்பியது. தன் எண்ணுக்கே அனுப்பினால் எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லை. இன்னொருவர் போனில் பிரதி இல்லை. கேலரியிலும் பொதுவாகத் தெரியாது, ஏனென்றால் வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் படங்கள் தனி அடைவில் மறைந்து கிடக்கும். அதனால் கூகுள் போட்டோஸுக்கும் போகவில்லை. இருந்த ஒரே இடம் அந்தப் பழைய போன். அதை அழித்துக் கொடுத்தாகிவிட்டது. கொத்தனாரிடம் கேட்டோம். "வாங்கினேன் சார், எவ்வளவுன்னு ஞாபகம் இல்ல" என்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

தம்பி தன் கைப்பணத்திலிருந்து 38,500-ஐப் போட்டுக் கணக்கை முடித்தான். பந்தியில் பேசிய பெரியவருக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

"அதெல்லாம் சரி பெரியப்பா, இதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டான் தம்பி மகன். தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் ஆகும். அதை இங்கே எழுதுகிறேன். பழைய போன் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை இவை. புதுப் போனில் எண்ணைப் பதிந்த நொடியே பழைய போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும், உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அதனால் "முன்னால்" என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து `Settings`, அதில் `Chats`, அதில் `Chat backup`. அங்கே கடைசி நகல் எடுத்த நேரம் இருக்கும். போனுக்குள்ளேயே எடுத்த நகலுக்கு ஒரு நேரம், கூகுள் கணக்கில் ஏறியதற்கு ஒரு நேரம். போனுக்குள் இருப்பது தினமும் அதிகாலையில் தானாக எடுத்துக்கொள்வது. அந்தத் தேதி புதிதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அது பழைய போனோடு போய்விடும். கூகுளில் ஏறிய தேதியைப் பாருங்கள். எந்த மின்னஞ்சல் கணக்கு என்பதையும் பாருங்கள். அப்பா போனில் மகள் எப்போதோ போட்ட கணக்காக இருக்கும். புதுப் போனில் அதே கணக்கும் அதே தொலைபேசி எண்ணும் இருந்தால்தான் நகல் கண்ணில் படும்.

இரண்டாவது, அளவைப் பாருங்கள். அதே பக்கத்தில் நகலின் அளவு இருக்கும். பிறகு `Settings`, `Storage and data`, `Manage storage` என்று போனால் வாட்ஸ்அப் போனில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். போனில் 7 ஜிபி, நகலில் 1 ஜிபி என்றால் 6 ஜிபி எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் வீடியோ. `Include videos` என்பதை நாமாகப் போட்டால்தான் வீடியோ நகலில் சேரும். பேத்தியின் முதல் நடை, அம்மாவின் அறுபதாம் கல்யாணம் எல்லாம் இப்படித்தான் விடுபடுகின்றன. கழித்தல் கணக்குதான். ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது.

மூன்றாவது, நகலில் இருப்பது போனில் உள்ளது மட்டுமே. "ஸ்டோரேஜ் ஃபுல்" என்று கேலரியில் அழித்த படம் உரையாடலில் மங்கலாக நிற்கும். தட்டினால் திறக்காது. அது போனில் இல்லை, ஆகவே நகலிலும் இல்லை. எந்த மந்திரத்தாலும் புதுப் போனில் வராது. அனுப்பியவரிடம் இன்னும் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வாங்குங்கள். அதேபோல் பெயர்கள். வாட்ஸ்அப் நகல் உங்கள் தொலைபேசிப் புத்தகத்தின் நகல் அல்ல. சிம்மிலோ போனிலோ மட்டும் சேமித்த பெயர்கள் வராமல் போனால், உரையாடல்கள் எல்லாம் வெறும் எண்ணாக நிற்கும். எது கொத்தனார், எது பால்காரர் என்று தெரியாது. தொடர்புகளைக் கூகுள் கணக்கில் ஏற்றிவிட்டீர்களா என்று பாருங்கள்.

நான்காவது, `End-to-end encrypted backup` என்று ஒரு வரி அதே பக்கத்தில் இருக்கும். அது `On` என்றிருந்தால் நகலுக்குப் பூட்டு போட்டிருக்கிறது என்று பொருள். கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ இருக்கலாம். அது இல்லாமல் புதுப் போனில் திறக்காது. நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. அப்பாவுக்கு யாரோ போட்டுக் கொடுத்துவிட்டு மறந்திருந்தால், பழைய போன் கையில் இருக்கும்போதே அதை அணைக்கவோ மாற்றவோ வேண்டும்.

இதெல்லாம் பார்த்தபின் வைஃபை போட்டு, சார்ஜரில் செருகி, `Back up` என்று பச்சைப் பொத்தானைத் தட்டுங்கள். முடியும் வரை பாருங்கள். முடிந்தபின் இன்றைய தேதி வந்திருக்கிறதா என்று பாருங்கள். இடம் போதாது என்று சொன்னால் கூகுள் கணக்கில் குப்பையை அழித்துவிட்டு மறுபடி.

ஐந்தாவதுதான் என் சொந்தப் பாடத்திட்டம். ஒரு தாளை எடுத்துப் பத்து அடையாளங்கள் எழுதுங்கள். முக்கியமான மூன்று உரையாடல்களில் மிகப் பழைய செய்தி எந்தத் தேதி, இன்று காலை வந்த கடைசிச் செய்தி எது, ஒரு குரல் பதிவு, ஒரு வீடியோ, ஒரு பிடிஎஃப், தனக்குத் தானே அனுப்பிய ஒரு படம், இப்படி. ஒவ்வொன்றையும் பழைய போனில் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். மாற்றியபின் புதுப் போனில் அதே பத்தையும் திறந்து டிக் போடுங்கள். எழுத்துச் செய்தி முதலில் வரும். படங்கள் பின்னால் மெதுவாக இறங்கும், பெரிய நகல் என்றால் மணிக்கணக்கில். அதனால் முதல் நாளே தீர்ப்பு எழுத வேண்டாம். பத்தும் டிக் ஆகும் வரை பழைய போனை அழிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. இரண்டு வாரம் அலமாரியில் இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஏதாவது வராவிட்டால், பழைய போனிலேயே மறுபடி எண்ணைப் பதிந்து உள்ளே போகலாம். வாட்ஸ்அப்பை அதிலிருந்து நீக்காமல் இருந்தால் சரி.

இரண்டும் ஆண்ட்ராய்டு போன் என்றால், கூகுளை நம்பாமலே போக ஒரு வழி உண்டு. பழைய போனில் `Settings`, `Chats`, `Transfer chats`. புதுப் போனில் எண்ணைப் பதிந்ததும் ஒரு க்யூஆர் கட்டம் வரும். அதைப் பழைய போனால் படம் பிடித்தால் ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகும். அந்த நிமிடம் வரை உள்ளது போகும், வீடியோவும் போகும், 15 ஜிபி கணக்கு இல்லை. மாட்டுப் பொங்கலன்று இரண்டு போனும் ஒரே திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. அந்த வழியில் போயிருந்தால் 50 நாளும் வந்திருக்கும். இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உன் பழைய ஐபோனை அம்மாவுக்கு அனுப்புகிறாய். நல்லது. ஆனால் அம்மாவின் ஆண்ட்ராய்டு நகல் கூகுளில் இருக்கிறது. ஐபோன் அதைப் படிக்காது, அது ஐகிளவுடைத்தான் கேட்கும். அதற்கு `Move to iOS` என்ற தனிச் செயலியும் இரண்டு போனும் பக்கத்தில் இருப்பதும் வேண்டும். ஐபோனைப் புதிதாகத் தொடங்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும். வீடியோ அழைப்பில் அவசரமாகச் சொல்லிக் கொடுக்கும் வேலை அல்ல இது. நேரில் வரும்போது செய்.

இன்னொன்று. மீட்டெடுக்கும் திரையில் தெரியாமல் `Skip` தட்டிவிட்டால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட வேண்டாம். அந்தக் காலியான போன் இரவில் தானே ஒரு நகல் எடுத்து, உங்கள் பழைய நகலின் மேல் எழுதிவிடும். அன்றே வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றி, சரியாகத் தட்டுங்கள்.

கடைசியாக, "பழைய மெசேஜை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்கும் இளையவர்களுக்கு. உங்களுக்குச் சம்பளச் சீட்டு மின்னஞ்சலில் வருகிறது, ஒப்பந்தம் கையெழுத்தாகி வருகிறது. எங்களுக்கு இப்போது வாட்ஸ்அப்தான் ரசீதுப் புத்தகம், மருந்துச் சீட்டு, வாடகைக் குறிப்பு, சொன்ன சொல்லுக்குச் சாட்சி. அது சரியா தப்பா என்பது வேறு விவாதம். (தப்புதான். பணம் கொடுத்தால் காகிதத்தைத் தூக்கிப் போடாதே என்று தம்பியிடமும் சொல்லிவிட்டேன்.) ஆனால் அந்தப் புத்தகத்தை நீங்கள் எங்கள் கையிலிருந்து வாங்கி, தேதிகூடப் பார்க்காமல், பத்து நிமிடத்தில் "முடிஞ்சது" என்று திருப்பிக் கொடுக்கிறீர்கள். தொலைந்தது என்ன என்று தெரியவரும்போது நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள். பந்தியில் உட்கார்ந்து பேச்சு கேட்கிறவர்கள் நாங்கள்.

விடை எழுதியதும் திருப்பிப் போட்டுச் சரிபார் என்று முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்று சொன்னேன். இப்போது அதே வாக்கியத்தை முகநூலில் சொல்கிறேன்.

இன்று இரவு ஊருக்கு போன் போட்டு, அப்பா அம்மாவிடம் அந்த `Chat backup` பக்கத்தைத் திறந்து தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். என்ன தேதி வந்தது என்று கீழே எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம். என் போனில் போன ஞாயிறு வரை ஆறு மாதம் பழையதாக இருந்தது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்